ரம்மி ஆப்பில் பிடித்த 30 சதவீதம்: எவ்வளவு திரும்ப வரும், எந்தக் கணக்கை எடுத்து வைக்கணும்? (சேலம், ஏற்காடு அனுபவங்கள்)

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ்

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். ஸ்டாஃப் ஆளுங்களுக்கு வருஷா வருஷம் வருமான வரி ரிட்டர்னும் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். 2024-25 கணக்குக்கு வந்த ஒரு கேஸை இங்கே எழுதுகிறேன். இதே நிலைமையில் நிறையப் பேர் இருப்பாங்க.

எங்க சூப்பர்வைசர் தம்பி ஒருத்தர். சம்பளம் வருஷத்துக்கு 4,80,000. புது வரித்திட்டத்தில் இதுக்கு வரி ஏதும் வராது. போன வருஷம் போலவே ஐடிஆர்-1 போட்டு முடிச்சிடலாம்னு போர்ட்டலைத் திறந்தா, வரித்துறை நம்ம வருமானத்தைப் பத்தி வெச்சிருக்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில் ஒரு ரம்மி ஆப் கம்பெனி பேரில் "ஆன்லைன் ஆட்ட வெற்றித்தொகை 31,000, பிடித்த டிடிஎஸ் 9,300" என்று நிக்குது.

தம்பிகிட்ட கேட்டதுக்கு, "ஆமாங்க, அக்டோபர்ல 50,000 எடுத்தேன், பேங்க்குல 40,700தான் வந்துச்சு. ஆப்புக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சு விட்டுட்டேன். வரியாப் பிடிச்சதா இருந்தா சம்பளத்துக்குத்தான் வரி இல்லையே, 9,300 முழுசாத் திரும்ப வந்துரும்ல?" என்றார்.

முழுசா வராது. ஆனா ஒண்ணும் வராதுன்னும் இல்லை. எவ்வளவு வரும்ங்கிறது அவர் வருஷம் பூரா அந்த ஆப்பில் போட்ட பணத்தை நிரூபிக்க முடியுமா என்பதைப் பொறுத்தது. அதுக்காக பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஆப் கணக்கையும் எதிரெதிரே வெச்சுச் சரிபார்த்தேன். கடைசியில் வந்த எண்கள் இவை:

2024 ஏப்ரல் 1 அன்று ஆப்பில் இருந்த பாக்கி 4,000. ஜூலைக்குள் போட்டது 20,000. ஜூலையில் எடுத்தது 15,000. அதில் ஒண்ணும் பிடிக்கலை. அக்டோபருக்குள் இன்னும் 10,000 போட்டார். அக்டோபரில் 50,000 எடுத்தார், 9,300 பிடிச்சாங்க. அதுக்கப்புறம் மார்ச் வரை 20,000 போட்டு ஆடினார், பெரும்பாலும் போச்சு. 2025 மார்ச் 31 அன்று பாக்கி 3,000.

இந்த மாதிரி கேஸ் பார்த்தவங்க எப்படிக் காட்டினீங்கன்னு சொல்லுங்க.

சூரமங்கலத்தான்

அண்ணா, இதுல குழப்பமே இல்லைங்க. 10,000 ரூபாய்க்குக் கீழ ஜெயிச்சா வரி கிடையாது, மேல போனா 30 சதவீதம் அவங்களே பிடிச்சிருவாங்க. பிடிச்சாச்சுன்னா கதை முடிஞ்சது, ரிட்டர்ன்ல காட்ட வேண்டிய அவசியமே இல்லை. என் மச்சான் அப்படித்தான் விட்டுட்டான், இதுவரைக்கும் ஒண்ணும் வரலை.

அஸ்தம்பட்டி வரிக்கணக்கு

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ரிட்டர்ன் தயாரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். சூரமங்கலத்தான் தம்பி சொன்னதில் 30 சதவீதம் சரி. மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட முடியாது, ஏனென்றால் அதை நம்பிப் போகிறவர்கள்தான் எங்களிடம் நோட்டீஸோடு வருகிறார்கள்.

10,000 என்பது லாட்டரி மாதிரியான பரிசுகளுக்கு டிடிஎஸ் பிடிக்கத் தொடங்கும் வரம்பு. ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தனிப்பிரிவு, 194பிஏ. அதில் 10,000 வரம்பு இல்லை. எடுக்கும் பணத்தில் அடங்கிய நிகர வெற்றி ஒரு மாதத்தில் 100 ரூபாயைத் தாண்டாவிட்டால் அப்போதைக்குப் பிடிக்க வேண்டாம் என்று வரித்துறையின் சுற்றறிக்கையில் ஒரு சிறிய சலுகை உண்டு, அவ்வளவுதான். அதோடு இவையெல்லாம் பிடித்தம் செய்கிறவருக்கான வரம்புகள். பிடிக்கவில்லை என்பதால் அந்தப் பணத்துக்கு வரி இல்லை என்று ஆகாது.

அடுத்தது, பிடித்தால் முடிந்தது என்பது. ஆப் பிடிப்பது 30 சதவீதம். வரியோ 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2. ஆகவே ஆப் சரியாகப் பிடித்திருந்தாலும் ரிட்டர்னில் ஒரு சின்னத் தொகை பாக்கி நிற்கும். ஐடிஆர்-1-இல் இந்த வருமானத்தைக் காட்டவே முடியாது. சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-2. அதில் "பிற வருமானங்கள்" அட்டவணையில் ஆன்லைன் ஆட்ட வெற்றிக்கான 115பிபிஜே என்ற வரிசை இருக்கும், அங்கேதான் போட வேண்டும்.

சம்பளத்துக்கு வரி இல்லையே என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. இந்த வருமானம் தனி விகிதத்தில் நிற்பதால் அடிப்படை விலக்குத் தொகை இதற்குக் கிடையாது. எல்ஐசி, பிஎஃப் எதையும் இதில் கழிக்க முடியாது. குறைந்த வருமானக்காரர்களுக்கு வரியைத் தள்ளுபடி செய்யும் 87ஏ கழிவு இதற்குக் கிடைக்குமா என்பதில் வாதங்கள் இருந்தன. புதிய திட்டத்தில் இந்த மாதிரித் தனி விகித வரிக்குக் கழிவு இல்லை என்று 2025-26 முதல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

எஸ்டேட் ஐயாவின் கணக்குக்கு வருகிறேன். ஆப் எப்படிப் பிடித்தது என்று பார்த்தால்தான் மீதி புரியும்.

ஆப் ஒவ்வொரு முறை நீங்கள் பணம் எடுக்கும்போதும் அந்த வருஷத்தில் அதுவரை எடுத்த மொத்தத்தைக் கூட்டும். அதிலிருந்து அதுவரை நீங்கள் போட்ட மொத்தத்தையும் ஏப்ரல் 1 பாக்கியையும் கழிக்கும். மிஞ்சினால்தான் வெற்றி. ஜூலையில் எடுத்தது 15,000, போட்டதும் பாக்கியும் சேர்த்து 24,000. மிஞ்சவில்லை, அதனால் பிடிக்கவில்லை. அது உங்கள் சொந்தப் பணம் திரும்பி வந்தது, வருமானமே அல்ல. அக்டோபரில் எடுத்த மொத்தம் 65,000. போட்டது 30,000, பாக்கி 4,000. மிச்சம் 31,000. அதில் 30 சதவீதம் 9,300. ஆப் சரியாகத்தான் செய்திருக்கிறது.

ஆனால் வரி என்பது அக்டோபர் நிலவரத்துக்கு அல்ல, முழு வருஷத்துக்கு. வருஷம் முடிந்ததும் எடுத்த 65,000-உடன் மார்ச் 31 பாக்கி 3,000-ஐக் கூட்டுங்கள், 68,000. போட்ட மொத்தம் 50,000, தொடக்கப் பாக்கி 4,000, ஆக 54,000. வருஷத்தின் நிகர வெற்றி 14,000தான். அதற்கு வரியும் செஸ்ஸும் 4,368. பிடித்தது 9,300. ஏறத்தாழ 4,930 திரும்ப வர வேண்டும்.

ஏஐஎஸ் சொல்கிறது என்று 31,000-ஐயே அப்படியே காட்டினால் வரி 9,672. அதாவது திரும்ப வருவது போய், 370 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு போட்ட 20,000-க்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இந்த 5,300 ரூபாய் நிற்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு

மேடம், எனக்கும் ஒரு சந்தேகம். நமக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. போன வருஷம் பாலக்காடு போனப்ப ஒரு கேரளா லாட்டரி வாங்கினேன், 5,000 அடிச்சது. முழுசாக் கைல குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி வாங்கின டிக்கெட்டெல்லாம் வீணாப் போச்சு, அது சேர்த்தா 5,000-க்கு மேல இருக்கும். நீங்க சொன்ன மாதிரி போட்டதைக் கழிச்சா எனக்கு வரியே இல்லைதானே?

அஸ்தம்பட்டி வரிக்கணக்கு

இல்லைங்க. போட்டதைக் கழிப்பது ஆன்லைன் ஆட்டக் கணக்குக்கு மட்டும் உள்ள முறை. லாட்டரி, குதிரைப் பந்தயம், நேரில் உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டம் எல்லாம் 115பிபி என்ற வேறு பிரிவில் வரும். அங்கே வீணான டிக்கெட்டின் விலையையோ தோற்ற பணத்தையோ கழிக்க முடியாது. உங்கள் 5,000 அந்த 10,000 வரம்புக்குள் இருந்ததால் பிடிக்காமல் கொடுத்தார்கள். ரிட்டர்னில் 5,000-ஐ முழுதாகக் காட்டி 1,560 கட்ட வேண்டும். பட்டறை வருமானம் இருப்பதால் உங்களுக்கு ஐடிஆர்-2 பொருந்தாது, அதை உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ்

ரொம்ப நன்றி மேடம். நானும் 14,000தான் போட்டேன். போட்ட மொத்தம் 50,000-ங்கிற கணக்கு எப்படி வந்ததுன்னு சொல்லிடறேன், ஏன்னா அதுல மூணு இடத்துல கணக்கு இடிச்சது. இந்த வேலை செய்யறவங்களுக்கு அதுதான் உதவும்.

முதல்ல, தம்பியோட பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஆப் பேரே இல்லை. யுபிஐ-யில் போட்டது எல்லாம் ஏதோ ஒரு பேமென்ட் கேட்வே பேரில் இருந்தது. அதே பேரில் அவர் வேற கடைக்குக் கட்டினதும் இருந்தது. பேரை வெச்சுப் பிரிக்க முடியலை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்க யுபிஐ எண் இருக்கும். ஆப்பின் வாலட் பக்கத்திலும் அதே எண் இருந்தது. அதை வெச்சுத்தான் ஒவ்வொண்ணாப் பொருத்தினேன்.

அப்படிப் பொருத்தினப்ப பேங்க்கில் 49,000 போயிருக்கு, ஆப்பில் 50,000 வந்திருக்கு. பார்த்தா 2,000 ரூபாய் இரண்டு தடவை போய்ச் சேராமல் மறுநாள் திரும்பி வந்திருக்கு. மலையில சிக்னல் பாதியில போயிடும், அதனால இது இங்கே சகஜம். திரும்பி வந்த 4,000 பேங்க்கில் வரவா நிக்குது, கேட்வே பேரிலேயே. பார்க்கிறவங்க அதை ஆட்டத்தில் எடுத்த பணம்னு நினைச்சிருவாங்க. அதை நீக்கினா 45,000. மீதி 5,000 அவர் வீட்டுக்காரம்மா போனில் இருந்து போட்டது. அவங்க ஸ்டேட்மென்ட்டையும் வாங்கி அந்த எண்ணைப் பொருத்தினேன்.

மூணாவது, எடுத்த தொகை. பேங்க்கில் 40,700தான் இருக்கு. அதை அப்படியே எழுதினா கணக்கு தப்பும். பிடிப்பதற்கு முன்னாடி உள்ள 50,000தான் எடுத்த தொகை. இதுக்கு ஆப் கொடுக்கிற படிவம் 16ஏ-வை வாங்கி வெச்சுக்கணும்.

நான் இப்ப ஒரு எக்செல் தாள் வெச்சிருக்கேன். தேதி, எந்த ஆப், யுபிஐ எண், போட்டது, எடுத்தது (பிடிப்பதற்கு முன்), டிடிஎஸ், பேங்க்குக்கு வந்தது, வாலட் பாக்கி, குறிப்பு. குறிப்பில்தான் "சேராமல் திரும்பியது", "வீட்டுக்காரம்மா போன்" மாதிரி விஷயங்கள். கூடவே மார்ச் 31 ராத்திரி வாலட் பாக்கியின் ஸ்கிரீன்ஷாட், தேதி தெரிகிற மாதிரி. இந்த வருஷத்து முடிவுப் பாக்கிதான் அடுத்த வருஷத்துத் தொடக்கப் பாக்கி, அது இல்லைன்னா இரண்டு வருஷக் கணக்கும் தொங்கும்.

கன்னங்குறிச்சி வாணி

அண்ணா, நீங்க வீட்டுக்காரம்மா போன்னு சொன்னதும் எனக்குத் திக்குன்னு இருக்குங்க. எங்க வீட்டுக்காரரும் என் யுபிஐல இருந்துதான் போடுவாரு. அதுவும் நான் மகளிர் குழுவுல வாங்குன கடன் பணம். என் அக்கவுன்ட்ல இருந்து போனதால வரிக்காரங்க என்னையக் கேப்பாங்களா? அவர் கடன் வாங்கித்தான் ஆடுனாரு, அதையும் கழிப்பாங்களா? ஜெயிச்சதைவிட போனதுதாங்க ஜாஸ்தி.

அஸ்தம்பட்டி வரிக்கணக்கு

வாணி அக்கா, பதற வேண்டாம். ஆட்டக் கணக்கு யார் பேரில், யார் பான் எண்ணில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பார்கள். உங்கள் ஏஐஎஸ்ஸை ஒருமுறை திறந்து உங்கள் பேரில் ஆப் எதுவும் பதிவாகவில்லை என்று பாருங்கள். சில வீடுகளில் மனைவி பானிலேயே கணக்கு திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அப்போது பதில் சொல்ல வேண்டியது அந்த மனைவிதான். கடன் வாங்கிப் போட்ட பணமும் போட்ட பணமாகவே கழியும், வரித்துறையின் 2023 சுற்றறிக்கையில் அது தெளிவாகவே இருக்கிறது. கடனுக்குக் கட்டிய வட்டி கழியாது. ஆப் தானாகக் கொடுத்த போனஸ், ஆள் சேர்த்ததற்குக் கொடுத்த தொகை, இவை நீங்கள் போட்ட பணமாகக் கணக்கில் வராது. எடுக்க முடிகிற போனஸாக இருந்து அதை எடுத்தால் அதுவும் வெற்றித்தொகையில் சேரும்.

போனது அதிகம் என்றீர்கள். அந்த வருஷத்தில் அந்த ஆப்பில் நிகரமாகத் தோல்வி என்றால் அங்கே வரி இல்லை. ஆனால் அந்த நஷ்டத்தை அவர் சம்பளத்தில் கழிக்கவோ அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகவோ வழியில்லை.

நாகலூர் மலைக்காரன்

எனக்கு வேற பிரச்சனை. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் வந்ததும் பண ஆட்டமெல்லாம் நிறுத்திட்டாங்க. வாலட்ல 6,200 கெடந்துச்சு, எடுத்துட்டேன். ஏப்ரல்ல இருந்து நான் போட்டது 8,000, தொடக்கத்துல 1,500 இருந்துச்சு. தடை போட்ட ஆட்டத்துப் பணத்துக்கு எதுக்குங்க வரி கட்டணும்? காட்டினா நம்மளே போய் மாட்டிக்கிற மாதிரி ஆகாதா?

அஸ்தம்பட்டி வரிக்கணக்கு

உங்கள் எண்களில் வரியே இல்லை. போட்டதும் பாக்கியும் 9,500, எடுத்தது 6,200. உங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வந்திருக்கிறது.

பொதுவாகச் சொன்னால், ஆட்டம் சட்டப்படி சரியா தவறா என்பது ஒரு கேள்வி, அதில் வந்த வருமானத்துக்கு வரி உண்டா என்பது வேறு கேள்வி. சட்டவிரோதமாக வந்த வருமானத்துக்கும் வரி உண்டு. நீங்கள் எடுத்தது சட்டம் வருவதற்கு முன்பு ஆடிய ஆட்டத்தின் பாக்கி, அதை எடுத்ததில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றை இன்றே செய்யுங்கள். ஆப் இன்னும் திறக்கிறதா? திறந்தால் 2025 ஏப்ரல் 1 முதலான வாலட் கணக்கு முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்கும். சேவையே நின்ற கம்பெனி எத்தனை நாள் பழைய கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. திறக்கவில்லை என்றால் பதிவு செய்த மெயிலில் இருந்தே கணக்கு கேட்டு எழுதுங்கள், அந்த மெயிலையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டாலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அவ்வப்போது வந்த எஸ்எம்எஸ்ஸும் கைகொடுக்கும். யுபிஐ ஆப்பில் தெரியும் வரலாற்றை மட்டும் நம்பாதீர்கள், போன் மாற்றினால் போய்விடலாம். பேங்க்கில் இருந்து வரும் பிடிஎஃப்தான் நிற்கும்.

நாகலூர் மலைக்காரன்

திறக்குதுங்க, ஆனா "பணம் எடு" பக்கம் மட்டும்தான் வருது. வாலட் வரலாறு ஆறு மாசத்துக்குத்தான் காட்டுது. மெயில் போட்டுப் பாக்கறேன்.

அழகாபுரம் ராகவன்

எஸ்டேட் நண்பருக்கு ஒரு எச்சரிக்கை. எங்க அண்ணனுக்கும் இதே மாதிரி வருஷக் கடைசியில் நிகரத் தொகை குறைஞ்சது. அவரோட ஆடிட்டர் ஏஐஎஸ்ஸில் உள்ள பெரிய தொகையையே காட்டிட்டார். "வித்தியாசம் இருந்தா கம்ப்யூட்டரே மெயில் அனுப்பும், டிடிஎஸ்ஸில் பாதியை நிறுத்தி வைப்பாங்க, ஐந்தாயிரத்துக்காக அலைய வேண்டாம்"னு சொன்னார். உங்களுக்கு மெயில் வந்துச்சா?

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ்

வந்ததுங்க. ஏஐஎஸ்ஸில் 31,000, ரிட்டர்னில் 14,000, ஏன் வித்தியாசம்னு. போர்ட்டலிலேயே "ஏற்கவில்லை" என்று பதில் போட்டு, 68,000-லிருந்து 54,000 கழிச்ச கணக்கைச் சுருக்கமா எழுதினேன். ஏஐஎஸ்ஸிலும் அந்தத் தொகைக்குக் கீழே கருத்து பதிவு செய்யற இடம் இருக்கு, அங்கேயும் தொகை சரியில்லைன்னு குறிச்சேன். இன்னும் முடிவு வரலை. தம்பி மாசச் சம்பளக்காரர், அவருக்கு 4,930 பெரிய காசு. அதனால அலையலாம்னு முடிவு பண்ணினோம்.

அஸ்தம்பட்டி வரிக்கணக்கு

ராகவன் சார் சொன்ன ஆடிட்டரின் பயம் ஆதாரமில்லாதது அல்ல. எந்த வருமானத்தைக் காட்டுகிறோமோ அதற்கான டிடிஎஸ்ஸைத்தான் தர முடியும் என்று சிஸ்டம் பிடித்துக்கொள்வது உண்டு. ஆனால் 115பிபிஜே வரி போடுவது வருஷத்தின் நிகர வெற்றிக்குத்தான், விதி 133-இல் கணக்கு முறையும் எழுதியிருக்கிறது. அதனால் எண்கள் பொருந்தி நிற்கிற கேஸில் நான் நிகரத்தையே காட்டச் சொல்வேன். அக்டோபருக்குப் பிந்தைய ஆதாரம் அரைகுறையாக இருந்தால் அந்த ஆடிட்டர் வழிதான் பாதுகாப்பு.

சூரமங்கலத்தான்

மச்சானை ஏஐஎஸ் திறந்து பாக்கச் சொன்னேன் மேடம். ரெண்டு ஆப்ல ஆடியிருக்கான். ஒண்ணுல 25,000 ஜெயிச்சு டிடிஎஸ் 7,500 பிடிச்சிருக்கு, இன்னொண்ணுல 40,000 போயிருக்கு. ரெண்டு ஆப்பையும் சேர்த்துப் பாத்தா அவனுக்கு நஷ்டம்தானே? இதுவும் நிகரம்னு காட்டி 7,500 திரும்ப வாங்கலாமா? அப்புறம் அப்போ 1,000 போட்டா 28 சதவீத ஜிஎஸ்டி போக 781 ரூபாய்தான் வாலட்டுக்குப் போச்சுன்னு சொல்றாங்களே, அப்போ போட்டது 1,000-ஆ 781-ஆ?

அஸ்தம்பட்டி வரிக்கணக்கு

நல்ல கேள்விகள், இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன்னிடம் உள்ள கணக்கை மட்டும் வைத்துத்தான் பிடிக்கும். ஒரே கம்பெனியில் இரண்டு கணக்கு இருந்தால் சேர்த்துப் பார்க்க வழி உண்டு. வேறு வேறு கம்பெனிகளின் வெற்றி தோல்வியை ரிட்டர்னில் சேர்த்துக் காட்டலாமா என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கருத்து. நாங்கள் இதுவரை சேர்க்காமல்தான் போட்டிருக்கிறோம். அந்தக் கணக்கில் மச்சானுக்கு 25,000-க்கு 7,800, பிடித்தது போக 300 கட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி விஷயத்தில், கட்டியது 1,000, வாலட்டில் ஏறியது 781.25. மீதி 218.75-ஐப் பல ஆப்கள் போனஸாகத் திருப்பிக் கொடுத்தன. ஆப் தந்த வருஷக் கணக்கில் "டெபாசிட்" என்று எந்த எண்ணை எடுத்திருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு இரண்டையும் எழுதி வைக்கட்டும். அந்த ஜிஎஸ்டி பில்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு ஒரு நாள் அலுவலகத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.